ரெண்டு ஸ்கிரீன்ஷாட், 3,462 ரூபாய் வித்தியாசம்

காரோட இன்சூரன்ஸ் ரினியூவலுக்கு ரெண்டு கொட்டேஷன் வந்தது. பழைய கம்பெனி 14,219 ரூபாய், இன்னொரு கம்பெனி 10,757 ரூபாய். ரெண்டுலயும் ஜீரோ டெப் உண்டு, நோ க்ளெய்ம் போனஸும் அதே 45 சதவீதம். அப்புறம் எதில் இவ்வளவு குறைகிறது?

முதலில் தேர்ட் பார்ட்டி பிரீமியத்தைப் பார்த்தேன். அது அரசு நிர்ணயித்த தொகை, 1000 சிசிக்கு மேல் 1500 சிசி வரையான காருக்கு 3,416 ரூபாய், எந்தக் கம்பெனியிலும் மாறாது. ரெண்டு படத்திலும் அதே எண் இருந்ததால், வித்தியாசம் முழுக்க ஓன் டேமேஜ், ஆட்-ஆன் போன்ற மற்ற பகுதிகளில்தான் என்று தெரிந்துவிட்டது.

அடுத்து ஐடிவி. பழையவர்கள் 5,10,000 போட்டிருந்தார்கள், புதியவர்கள் 4,40,000. வண்டி திருடு போனாலோ முழுசாக நாசமானாலோ கையில் வரும் தொகையே இதுதான், அதில் 70,000 குறைத்தால் பிரீமியமும் குறையத்தானே செய்யும்.

ஆனால் பெரிய விஷயம் புதிய கொட்டேஷனின் கீழே சின்ன எழுத்தில் இருந்தது: வாலன்டரி டிடக்டிபிள் 5,000. கட்டாயமாகப் பிடிக்கும் 1,000-ஐயும் சேர்த்தால் ஒவ்வொரு க்ளெய்முக்கும் முதல் 6,000 நம் கையிலிருந்து போகும். கதவு உரசி 8,000 பில் வந்தால் கம்பெனி தருவது 2,000தான். பிளாஸ்டிக் பம்பருக்குப் பாதி விலையைத் தேய்மானமாகக் கழிப்பதைத் தவிர்க்கத்தான் ஜீரோ டெப்புக்குத் தனியாகக் காசு கட்டுகிறோம், அதன் பலனைச் சின்ன க்ளெய்ம்களில் இது பெரும்பாலும் தின்றுவிடும்.

என்ஜின் புரொடெக்டும், ரிப்பேரில் ஆகும் ஆயில், நட்டு-போல்ட் செலவைத் தரும் கன்ஸ்யூமபிள்ஸும் புதிய கொட்டேஷனில் இல்லை. சென்னையில் டிசம்பர் மழையில் ஓட்டுகிறவர்கள் என்ஜின் புரொடெக்டை விடவே கூடாது. தேங்கிய தண்ணீரில் நின்றுபோன வண்டியை மறுபடி ஸ்டார்ட் செய்து என்ஜினுக்குள் தண்ணீர் புகுந்து கெட்டால், வெறும் காம்ப்ரிஹென்சிவ் பாலிசியில் அந்தச் செலவைப் பொதுவாகத் தர மாட்டார்கள். ஓனர்-டிரைவர் விபத்து கவரும் புதிய கொட்டேஷனில் நீக்கப்பட்டிருந்தது, வேறெங்கும் அந்த கவர் இல்லாதவருக்கு அது கட்டாயம்.

சரி, புதிய கம்பெனிக்குப் போன் செய்து, ஐடிவி 5,10,000, வாலன்டரி டிடக்டிபிள் பூஜ்யம், அந்த ரெண்டு ஆட்-ஆன், விபத்து கவர் எல்லாம் சேர்த்து மறுபடி அனுப்பச் சொன்னேன். ஜிஎஸ்டி 18 சதவீதத்தோடு 13,983 வந்தது. 3,462 ரூபாய் வித்தியாசம் 236 ஆகிவிட்டது! அதிலும் அவர்களுடைய ஜீரோ டெப் வருஷத்துக்கு ரெண்டு க்ளெய்முக்குத்தான், பழைய கம்பெனியில் எண்ணிக்கைக் கட்டுப்பாடு இல்லை. புதியவர்கள் ரோட்சைடு அசிஸ்டன்ஸ் கொடுத்தார்கள்தான், ஆனால் நெரிசலில் ஓட்டுகிற எனக்கு அதைவிட க்ளெய்ம் எண்ணிக்கை முக்கியம். பழைய கம்பெனியிலேயே கட்டினேன், பாலிசி பிடிஎஃப் வந்ததும் ஆட்-ஆன் பட்டியலில் என்ஜின் புரொடெக்ட் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் மூடி வைத்தேன்.