மண்டபப் படம் பேனரில் ஏறிய கதை

சுங்கை சிப்புட்டில் பஸ் நிலையத்தைத் தாண்டி நாலாவது விளக்குக் கம்பத்தில் அம்மா சிரித்துக்கொண்டிருந்தார். மயில் கழுத்துப் பட்டு, மல்லிகைச் சரம், தங்கையின் கல்யாணத்தன்று எடுத்த அதே படம். பக்கத்தில் பெரிய எழுத்தில், "கடன் வாங்கினேன், மகளைக் கரை சேர்த்தேன்!" கீழே உரிமம் பெற்ற ஒரு வட்டிக் கடன் நிறுவனத்தின் பெயரும் தொலைபேசி எண்ணும்.

அம்மா முப்பது வருஷம் பால்மரமும் செம்பனையும் பார்த்தவர். கோயில் மகளிர் குழுவுக்குப் பொருளாளர். வட்டிக்காரனிடம் போகாதே என்று தோட்டத்தில் எத்தனையோ பேரைத் தடுத்தவர். அன்று சாயங்காலமே பக்கத்து வீட்டு அக்கா வாசலில் நின்று, "எங்கள வாங்காதன்னு சொல்லிட்டு நீங்க போய் எடுத்தீங்களாக்கும்?" என்று கேட்டார். அம்மா பதில் சொல்லவில்லை. மறுநாள் குழுக் கூட்டத்துக்கும் போகவில்லை.

தம்பி இரவோடிரவாகப் பேனரைக் கிழிக்கக் கிளம்பினான். பிடித்து உட்கார வைத்தேன். கிழித்திருந்தால் எங்களிடம் ஆதாரமே இருந்திருக்காது, அவன் மேல் போலீஸ் புகார்தான் இருந்திருக்கும். காலையில் போய்ப் படம் எடுத்தேன். பேனர் முழுக்கத் தெரியும்படி ஒன்று, பின்னால் பஸ் நிலையம் தெரியும்படி ஒன்று, உரிம எண் தெரியும்படி கிட்டத்தில் ஒன்று. அப்புறம் கல்யாணத்துக்குப் படம் எடுத்த ஸ்டூடியோக்காரருக்கு வாட்ஸ்அப்பில் கேட்டேன். "ஆமா அக்கா, அவங்க நல்ல குடும்பப் படம் கேட்டாங்க, குடுத்தேன். அம்மா அழகா இருந்தாங்க" என்று பதில் வந்தது, கூடவே ஒரு கைகூப்பும் படம். கோபத்தில் திட்டி எழுதப் போனவள் நிறுத்திக்கொண்டேன். அந்த ஒரு வரிதான் பின்னால் மிகவும் உதவியது.

ஈப்போவில் ஒரு பெண் வழக்கறிஞரிடம் போனோம். "தனியுரிமையை மீறியதற்காக நஷ்டஈடு கேட்கலாம் இல்லையா?" என்று நம்பிக்கையோடு ஆரம்பித்தேன். அவர் தலையை ஆட்டினார். மலேசியாவில் அதற்கென்று தனிச் சட்டம் கிடையாதாம். அரசியலமைப்பின் 5-ஆவது விதியில் தனியுரிமையும் அடங்கும் என்று கூட்டரசு நீதிமன்றம் 2010-இல் சொல்லியிருக்கிறது, ஆனால் அந்த உரிமையை அரசாங்கத்துக்கு எதிராகத்தான் கேட்க முடியும், ஒரு தனியார் கம்பெனிக்கு எதிராக அல்ல.

எங்கள் கதைக்கு ரொம்பக் கிட்டத்தில் ஒரு பழைய வழக்கு இருந்தது. பாலர் பள்ளிப் பிள்ளைகளின் படத்தைக் கேட்காமலே பத்திரிகை விளம்பரத்தில் போட்டுவிட்டார்கள். ஒரு பிள்ளையின் அப்பா வழக்குப் போட்டார். தனியுரிமை மீறல் என்பதை மட்டும் வைத்து இந்நாட்டில் வழக்குத் தொடுக்க முடியாது என்று உயர் நீதிமன்றம் சொல்லிவிட்டது. 2004-ஆம் ஆண்டுத் தீர்ப்புத் தொகுப்பில் வந்த தீர்ப்பு அது. பின்னர் பினாங்கில் ஒரு மருத்துவர், அறுவைச் சிகிச்சையின்போது நோயாளிப் பெண்ணின் அந்தரங்க இடத்தைச் சொல்லாமல் படம் எடுத்த வழக்கில் நீதிமன்றம் தனியுரிமை மீறலை ஏற்றுக்கொண்டது. "அது மானம் சம்பந்தப்பட்ட விஷயம். உங்கம்மா பட்டுப் புடவையில, நானூறு பேர் இருந்த மண்டபத்துல நிக்கிறாங்க. இத மட்டும் நம்பிப் போனா தோக்க வாய்ப்பு அதிகம்" என்றார் வழக்கறிஞர். எனக்கு உள்ளுக்குள் பொசுக்கென்றது.

அப்புறம் அவர் கேட்டது நான் எதிர்பார்க்காத கேள்வி. "போட்டோகிராபருக்குக் காசு குடுத்தது யாரு? ரசீது இருக்கா?"

ரசீது என் கைப்பையில் கல்யாணச் செலவுக் காகிதங்களோடு சுருண்டு கிடந்தது. 3,200 வெள்ளி, என் பெயரில். அவர் முன்பக்கத்தைக்கூடச் சரியாகப் பார்க்கவில்லை, முதலில் திருப்பிப் பின்பக்கத்தைத்தான் பார்த்தார். வெறும் வெள்ளை, மூலையில் மஞ்சள் கறை. "நல்லது" என்றார்.

விஷயம் இதுதான். 1987 பதிப்புரிமைச் சட்டத்தின் 26-ஆவது பிரிவுப்படி, காசு கொடுத்து ஒருவரிடம் எடுக்கச் சொன்ன படத்தின் பதிப்புரிமை எடுக்கச் சொன்னவருக்கே போய்ச் சேர்கிறது, வேறு மாதிரி ஒப்பந்தம் இல்லாவிட்டால். சில ஸ்டூடியோக்கள் ரசீதின் பின்னால் பொடி எழுத்தில் படங்களின் உரிமை தங்களுக்கே என்று அச்சடித்துவிடுகின்றன. அதைத்தான் அவர் தேடினார். எங்கள் ரசீதில் அது இல்லை. ஆகவே அம்மாவின் முகம் அம்மாவுடையது, ஆனால் அந்தப் படம் என்னுடையது. மாப்பிள்ளை வீட்டார் காசு கொடுத்திருந்தால் அவர்களைத்தான் வழக்குப் போடச் சொல்லியிருக்க வேண்டும், சம்பந்தி வீட்டில் போய் அதை எப்படிக் கேட்பது! பதிப்புரிமை மீறலுக்குத் தடையாணை கேட்கலாம், நஷ்டத்தைத் தனியாகக் கணக்குக் காட்டி நிரூபிக்க முடியாவிட்டாலும் ஒரு படைப்புக்கு 25,000 வெள்ளி வரை சட்டப்படியான இழப்பீடு கேட்கலாம். அதிகபட்சம் அவ்வளவு, அவ்வளவும் கிடைக்கும் என்று அர்த்தமில்லை.

அம்மாவுக்கென்று இருந்தது அவதூறு வழக்கு. 1931-இல் இங்கிலாந்தில், காசு வாங்காமல் விளையாடும் ஒரு கோல்ப் ஆட்டக்காரரின் உருவத்தைச் சாக்லேட் விளம்பரத்தில் போட்டார்கள். காசுக்குத் தன்னை விற்றுவிட்டார் என்று பார்ப்பவர்கள் நினைப்பார்கள் என்ற மறைபொருளே அவதூறு என்று அவர் வென்றார். கடன் வாங்குவது ஒன்றும் குற்றமில்லை, அதனால் வெறுமனே "கடன் வாங்கினார்" என்பது போதாது என்று வழக்கறிஞர் எச்சரித்தார். வாங்காதே என்று ஊரைத் தடுத்தவர் தானே காசுக்காக அதற்கு விளம்பரம் செய்தார் என்று ஊர் புரிந்துகொண்டதைக் காட்ட வேண்டும். பக்கத்து வீட்டு அக்காவும் குழுவில் இரண்டு பேரும் தாங்கள் நினைத்ததை எழுதிக் கையெழுத்துப் போட்டார்கள். அக்காவுக்குக் கூச்சம், "நான் கேட்டதையே எழுதணுமா?" என்றார். அதைத்தான் எழுத வேண்டியிருந்தது.

தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தையும் விட்டுவைக்கவில்லை. மன உளைச்சல் தரும் பயன்பாட்டை நிறுத்தச் சொல்லி ஸ்டூடியோவுக்கும் நிறுவனத்துக்கும் அம்மா பெயரில் கடிதம் போட்டோம். 21 நாளில் அவர்கள் எழுத்தில் பதில் தர வேண்டும். பேனரை இறக்க வைக்க அது ஒரு நெருக்கடி, அவ்வளவுதான். ஆணையரிடம் புகார் செய்தால் தண்டனை அரசாங்கம் கொடுப்பது, அம்மா கைக்கு ஒரு காசு வராது.

நோட்டீஸில் 14 நாள் கெடு கொடுத்தோம். பேனர் நாலாம் நாளே இறங்கிவிட்டது. பன்னிரண்டாம் நாள் நிறுவனத்தின் வழக்கறிஞர், ஸ்டூடியோவிடம் அனுமதி வாங்கியே போட்டோம் என்று எழுதினார். எங்களுடையவர் ரசீதின் நகலையும் அந்த வாட்ஸ்அப் வரியையும் அனுப்பினார். இல்லாத உரிமையை ஸ்டூடியோ எப்படிக் கொடுக்க முடியும்? அதற்குப் பிறகு அவர்கள் இருவரும் ஒருவர்மேல் ஒருவர் பழி போட்டுக்கொண்டார்கள், எங்களுக்கு வேலை குறைந்தது.

நாலு மாதத்தில் நீதிமன்றம் போகாமலே முடிந்தது. நிறுவனம் 6,000 வெள்ளி, ஸ்டூடியோ 4,000. வழக்கறிஞருக்கு 2,800. வழக்கை இழுத்திருந்தால் கூடுதலாக வந்திருக்கலாம், ஆனால் அம்மா சாட்சிக் கூண்டில் ஏற மாட்டேன் என்று சொல்லிவிட்டார். காசைவிட அவருக்கு வேண்டியது வேறொன்று. அதே கம்பத்தில், அதே அளவில், தமிழில் மன்னிப்பு. இரண்டு வாரம் தொங்கியது. அதற்கு அடுத்த வெள்ளிக்கிழமை கோயில் கணக்கு நோட்டை எடுத்துக்கொண்டு குழுக் கூட்டத்துக்குக் கிளம்பினார்.

போன மாதம் சித்தி மகளுக்கு நிச்சயதார்த்தம். புதுப் போட்டோகிராபர் ரசீது நீட்டியதும் திருப்பிப் பார்த்தேன். பொடி எழுத்து இருந்தது. அந்த வரியை அடித்து, விளம்பரத்துக்குப் பயன்படுத்தக் கூடாது என்று எழுதி இருவரும் கையெழுத்துப் போடலாம் என்றேன். அவர் முகம் கொஞ்சம் சுருங்கியது. "எல்லாரும் இப்பிடித்தான் கேக்குறாங்களா அக்கா?" என்றார். இல்லை, நான்தான் என்றேன். பேனாவை வாங்கிக்கொண்டார்.