பெரிய கம்பெனியிலும் ஸ்டார்ட்அப்பிலும் இன்டர்வியூ: இரண்டிலும் தோற்ற பிறகு நான் தயாரான விதம்

நான் பேக்கெண்ட் டெவலப்பர், 5 வருட அனுபவம். வேலை மாறலாம் என்று கிளம்பியபோது முதலில் ஒரு பெரிய கம்பெனி வேண்டாம் என்றது, அடுத்த வாரமே 12 பேர் கொண்ட ஒரு ஸ்டார்ட்அப்பும் வேண்டாம் என்றது. இரண்டுக்கும் ஒரே மாதிரிதான் தயாராகியிருந்தேன். தினமும் இரண்டு மணி நேரம் அல்காரிதம் கணக்குகள், வார இறுதியில் சிஸ்டம் டிசைன் வீடியோக்கள், அவ்வளவுதான். என்ன தப்பு நடந்தது என்று உட்கார்ந்து யோசித்தபோதுதான், இரண்டு இடத்திலும் என்னிடம் எதிர்பார்த்தது வேறு வேறு என்பது புரிந்தது.

பெரிய கம்பெனியில் கேட்ட கேள்வி ரொம்பப் பழையதுதான். சில மீட்டிங்குகளின் தொடக்க நேரமும் முடியும் நேரமும் தருவார்கள், குறைந்தது எத்தனை அறை வேண்டும் என்று சொல்ல வேண்டும். எனக்குத் தெரிந்த கணக்கு என்பதால் கேட்ட உடனே எழுதத் தொடங்கிவிட்டேன். தொடக்க நேரப்படி வரிசைப்படுத்து, முடியும் நேரங்களை ஒரு ஹீப்பில் வை, முதலில் காலியாகும் அறை அடுத்த மீட்டிங்குக்குக் கிடைக்குமா என்று பார். சுமார் 20 நிமிடத்தில், அதிகம் வாய் திறக்காமலே முடித்தேன். எதிரே இருந்தவர் 9–10, 9.30–11, 10–12 என்று மூன்று மீட்டிங் கொடுத்து ஓட்டிப் பார்க்கச் சொன்னார். என் கோடு 3 அறை என்றது. அவர் எதிர்பார்த்தது 2. பத்து மணிக்கு முடிகிற அறையைப் பத்து மணிக்கே தொடங்குகிற மீட்டிங்குக்குக் கொடுக்கலாமா என்பதை நான் கேட்கவே இல்லை, `<=` இருக்க வேண்டிய இடத்தில் `<` போட்டிருந்தேன்.

அந்த ஒரு குறியைத் திருத்த பத்து நொடி போதும், திருத்தியும் விட்டேன். ஆனால் பிறகு ரெக்ரூட்டர் போனில் சொன்னது வேறு: "கேள்வியைத் தெளிவுபடுத்திக்கொள்ளவில்லை, எப்படி யோசித்தார் என்பது தெரியவில்லை என்று எழுதியிருக்கிறார்கள்." இந்த 'எழுதியிருக்கிறார்கள்' என்ற சொல்தான் முக்கியம். பல பெரிய கம்பெனிகளில் உங்களோடு பேசியவர் மட்டும் உட்கார்ந்து முடிவெடுப்பதில்லை. ஒவ்வொரு ரவுண்டிலும் இருந்தவர் தனித்தனியாக ஒரு படிவம் நிரப்புகிறார், கடைசியில் எல்லாவற்றையும் சேர்த்து வைத்து முடிவு செய்கிறார்கள். அந்த முடிவில் பங்கு பெறும் சிலர் உங்கள் முகத்தைக் கூடப் பார்த்திருக்க மாட்டார்கள். நீங்கள் மனசுக்குள் எவ்வளவு நன்றாக யோசித்தாலும், வாய்விட்டுச் சொல்லாதது அந்தப் படிவத்தில் ஏறாது.

அதனால் தயாரிப்பை மாற்றினேன். புதுக் கணக்குகள் போடுவதைப் பாதியாகக் குறைத்தேன். தெரிந்த கணக்குகளையே நண்பர் ஒருவர் எதிரே உட்கார, 45 நிமிட அலாரம் வைத்துச் சத்தமாகப் பேசிக்கொண்டே போட்டேன். முதல் ஐந்து நிமிடம் கோடே எழுதக் கூடாது: உள்ளீடு காலியாக வருமா, எல்லைகள் தொட்டுக்கொண்டால் என்ன கணக்கு, அளவு எவ்வளவு பெரியது, இதையெல்லாம் கேட்டுவிட வேண்டும். அப்புறம் எளிமையான வழியையும் அது ஏன் மெதுவாக ஓடும் என்பதையும் சொல்லிவிட்டு, நல்ல வழிக்குப் போக வேண்டும். எழுதி முடித்ததும் அவர் கேட்கும் முன்பே ஒரு சின்ன உதாரணத்தை வரிவரியாக ஓட்டிக் காட்ட வேண்டும், அதுவும் எல்லை தொடுகிற உதாரணமாகப் பார்த்து எடுக்க வேண்டும். முதல் நாள் பேசிக்கொண்டே எழுதியபோது தெரிந்த கணக்கே குழம்பிப் போனது; மூன்று வாரம் ஆனது சரளமாக வர. பழைய வேலையைப் பற்றிக் கேட்கும் ரவுண்டுக்கும் இதே கதைதான். "நாங்கள் செய்தோம்" என்று பேசினால், அதில் உங்கள் பங்கு எது என்று இன்டர்வியூ எடுப்பவரால் எழுத முடியாது.

ஸ்டார்ட்அப்பில் ஹீப்பும் இல்லை, வரிசைப்படுத்தலும் இல்லை. நிறுவனர் லேப்டாப்பைத் திருப்பி அவர்களுடைய உண்மையான கோடையே காட்டினார். பணம் கட்டியதும் பேமெண்ட் சேவை ஒரு வெப்ஹுக் அனுப்பும். சில நேரம் அதே செய்தி இரண்டு முறை வந்து, ஒரே ஆர்டர் இரண்டு முறை அனுப்பப்படுகிறது. என்ன செய்வீர்கள்?

நான் வீடியோக்களில் பார்த்தபடி ஆரம்பித்தேன்: ஒரு மெசேஜ் க்யூ, தனி சர்வீஸ், ரெடிஸில் ஒரு லாக் என்று பலகை நிறைய பெட்டி போட்டேன். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "இங்கே பேக்கெண்டில் இரண்டே பேர், வியாழக்கிழமைக்குள் இது நிற்க வேண்டும், நீங்கள் எதை விடுவீர்கள்?" என்றார். எனக்குப் பதில் வரவில்லை. போட்ட பெட்டிகளுக்கு நியாயம் சொல்லிக்கொண்டிருந்தேன்.

அன்று இரவு யோசித்தபோது கிடைத்த பதில் இதுதான். அவர்களிடம் ஏற்கெனவே போஸ்ட்கிரெஸ் இருந்தது.

```sql
CREATE UNIQUE INDEX ON payment_events (event_id);

INSERT INTO payment_events (event_id, order_id)
VALUES ($1, $2)
ON CONFLICT (event_id) DO NOTHING;
```

ஒரு வரி சேர்ந்தால் புதுச் செய்தி, ஆர்டரை அடுத்த கட்டத்துக்கு நகர்த்து. எதுவும் சேரவில்லை என்றால் ஏற்கெனவே பார்த்தாயிற்று, 200 பதில் அனுப்பிவிட்டு விட்டுவிடு. முதலில் `SELECT` செய்து பார்த்துவிட்டுச் சேர்த்தால் போதாதா என்றால் போதாது, இரண்டு செய்தியும் ஒரே நொடியில் வந்தால் இரண்டுமே 'இல்லை' என்று பார்த்துவிட்டு உள்ளே போய்விடும். ஆர்டரை மாற்றுவதும் இதே டிரான்சாக்‌ஷனுக்குள் இருக்க வேண்டும், நடுவில் தோற்றால் இரண்டும் சேர்ந்து ரத்தாகி, அடுத்த முறை செய்தி வரும்போது சரியாக நடக்கும். டேபிளில் ஏற்கெனவே இரட்டை வரிகள் இருந்தால் இண்டெக்ஸ் உருவாகாது, முதலில் அவற்றைச் சுத்தம் செய்ய வேண்டும். இந்தக் கடைசி விஷயத்தைச் சொல்கிற ஆளைத்தான் நிறுவனர் தேடிக்கொண்டிருந்தார் என்று நினைக்கிறேன், ஏனென்றால் வேலையில் சேர்ந்ததும் நிறுவனர் பக்கத்தில் உட்கார்ந்து இப்படிப்பட்ட வேலையைச் செய்யப் போகிறவர் அந்த ஆள்தான்.

அடுத்த ஸ்டார்ட்அப்புக்குத் தயாரானபோது அல்காரிதத்தைத் தொடவே இல்லை. அவர்கள் ஆப்பில் கணக்குத் தொடங்கி இரண்டு மாலை பயன்படுத்திப் பார்த்து, எங்கே தடுமாறினேன் என்று குறித்து வைத்தேன். அப்புறம் நான் முன்பு செய்த மூன்று வேலைகளை எடுத்து, ஒவ்வொன்றிலும் பாதி நேரம்தான் இருந்திருந்தால் எதை விட்டிருப்பேன், விட்டதால் பின்னால் என்ன உடையும், உடைந்தால் எப்படித் தெரியவரும் என்று எழுதிப் பார்த்தேன். முன்பு பெரிய கம்பெனியில் செய்த வேலைகளைப் பற்றி இப்படி எழுதுவது எனக்குக் கஷ்டமாகவே இருந்தது, ஏனென்றால் அங்கே எதை விடுவது என்பதை எனக்கு மேலே இருந்தவர்கள்தான் முடிவு செய்தார்கள்.

ஸ்டார்ட்அப்பில் நாமும் கேட்க வேண்டும், இதில் கூச்சமே வேண்டாம். கையிலிருக்கும் பணம் எத்தனை மாதம் தாங்கும் என்று கேட்டேன், 14 மாதம் என்றார்கள். பங்கு தருவதாகச் சொன்னபோது, மொத்தப் பங்குகள் எத்தனை என்று கேட்டேன். அது தெரியாமல் வெறும் எண்ணிக்கையை வைத்து எதையும் கணக்கிட முடியாது. இதற்கு நேராகப் பதில் சொல்லாமல் இன்னொரு இடத்தில் நழுவினார்கள், அங்கே நான் அடுத்த ரவுண்டுக்குப் போகவில்லை.

ஒரு விஷயம், எல்லா ஸ்டார்ட்அப்பும் இப்படி இருக்காது. 200 பேரைத் தாண்டிய இடங்களில் படிவம், நான்கு ரவுண்டு எல்லாம் வந்துவிட்டதைப் பார்த்தேன். அதனால் முதல் போனிலேயே ரெக்ரூட்டரிடம் எத்தனை ரவுண்டு, ஒவ்வொன்றிலும் யார் இருப்பார்கள், முடிவை யார் எடுப்பார்கள் என்று கேட்டுவிடுவேன். அந்தப் பதிலை வைத்துத்தான் எந்த நோட்டுப்புத்தகத்தைத் திறப்பது என்று முடிவு செய்தேன். இரண்டாவது முயற்சியில் இரண்டு பக்கமும் ஆஃபர் வந்தது. 14 மாதம் என்று நேராகச் சொன்ன இடத்தில் சேர்ந்தேன்.