96 மெயில்களும் ஒரு பேக்கப்பும்

ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை ஓடி, வந்திருக்கும் கோப்புகளை டேட்டாபேஸில் ஏற்றும் ஜாப் ஒன்று என் பொறுப்பில் இருந்தது. ஒரு நாள் இரவு 11 மணிக்கு அது விழுந்தது. காலை 7 மணிக்கு இன்பாக்ஸைத் திறந்தால் 96 மெயில்கள், எல்லாம் ஒரே புலம்பல். மொத்தமாகத் தேர்ந்தெடுத்து அழித்தேன். அவற்றுக்கு நடுவே பேக்கப் தோல்வி என்று ஒற்றை மெயில் கிடந்தது, அதுவும் சேர்ந்து போனது. மூன்று நாள் கழித்துத்தான் தெரிந்தது.

சரி, இனி தோற்றால் மெயில் இல்லை, நிலை மாறினால்தான் மெயில் என்று மாற்றினேன். போன முறை என்ன நிலை என்பதை ஒரு சின்னக் கோப்பில் எழுதி வைத்து, அடுத்த ஓட்டத்தில் ஒப்பிட்டுப் பார்ப்பது. புது எர்ரர் வந்தால் புது மெயில் வேண்டுமே என்று எர்ரர் வாசகத்தையும் ஹாஷ் செய்து சேர்த்தேன். அங்கேதான் சறுக்கினேன். அந்த வாசகத்துக்குள் நேரம் இருந்தது, ஒவ்வொரு முறையும் மாறும் போர்ட் எண்ணும் இருந்தது. ஆகவே ஒவ்வொரு தோல்வியும் புதிதாகவே தெரிந்து, மெயில்கள் பழையபடி கொட்டின. வாசகத்தை விட்டுவிட்டு ஜாப்பின் பெயரையும் எர்ரர் வகையையும் மட்டும் அடையாளமாக வைத்த பிறகே அடங்கியது.

அடுத்தது இதைவிட மோசம். நிலையை முதலில் எழுதிவிட்டு அப்புறம் மெயில் அனுப்பிக்கொண்டிருந்தேன். ஒரு நாள் மெயில் சர்வரும் அதே நேரத்தில் படுத்துவிட்டது. மெயில் போகவில்லை, கோப்பில் மட்டும் `FAIL` என்று பதிந்துவிட்டது. அடுத்த ஓட்டம் அதைப் பார்த்து, ஏற்கெனவே சொல்லியாயிற்று என்று சும்மா இருந்தது. இரண்டு வரியின் வரிசைதான் தப்பு. இப்படி மாற்றினேன்:

```
if send_mail(msg):
    save_state(key, "FAIL")
```

மெயில் போய், நிலையை எழுதுவதற்குள் ஸ்கிரிப்ட் செத்தால் இரண்டாவது மெயில் வரும். வரட்டும். ஒன்றுமே வராமல் போவதைவிட அது மேல்.

மீண்டுவிட்டது என்ற மெயிலை முதலில் ஒரு வெற்றி வந்ததுமே அனுப்பினேன். நெட்வொர்க் விட்டு விட்டு வேலை செய்த ஒரு மதியம், தோல்வி, மீட்பு, தோல்வி, மீட்பு என்று மாறி மாறி வந்தது. பழைய தொல்லை இப்போது இரட்டை வேடத்தில்! அதனால் தொடர்ந்து மூன்று முறை வென்றால்தான் மீட்பு என்று வைத்தேன். நடுவில் ஒன்று தோற்றால் எண்ணிக்கை மறுபடி பூஜ்யம், புது மெயில் கிடையாது. செய்தி பத்து நிமிடம் தாமதமாகும். ஆனால் அதில் எழுதும் நேரம் முதல் வெற்றியின் நேரம்தான். எப்போது விழுந்தது, எத்தனை ஓட்டம் தோற்றது என்பதும் கூடவே போகும். தோல்வி மெயிலுக்கு ரிப்ளையாகவே அதை அனுப்புவதால், இரவு 2 மணிக்கு எழுந்தவர் மெயிலைத் திறந்ததும் இரண்டையும் ஒன்றாகப் பார்த்துவிட்டுத் திரும்பப் படுத்துக்கொள்ளலாம்.