ஐந்தாம் எண் பிப்பெட்

ஏப்ரல் 3, வியாழன்

ஆய்வகத்தில் திரவத்தை அளந்து எடுக்கும் ஐந்தாம் எண் பிப்பெட் குறைவாக எடுக்கிறது. கண்ணுக்குத் தெரியாது. கைக்குத் தெரிந்தது என்று சொன்னால் சிரிப்பார்கள்.

மாலையில் தராசில் வைத்துப் பார்த்தேன். முதல் நான்கு எடைகளும் வரிசையாக இறங்கிக்கொண்டே போயின. பிறகுதான் கவனித்தேன், நான் ஒன்றும் ஊற்றாமல் உட்கார்ந்திருந்தபோதும் தராசின் எண் இறங்கிக்கொண்டிருந்தது. வாய் அகன்ற கண்ணாடிக் கிண்ணம், நேர் எதிரே ஏசி. நீர் பறந்துகொண்டிருக்கிறது, நான் பிப்பெட்டைக் குற்றம் சொல்லிக்கொண்டிருக்கிறேன். எல்லாவற்றையும் அடித்துவிட்டேன். நாளை ஒழுங்காகச் செய்ய வேண்டும்.

கட்டைவிரல் வலி அப்படியே இருக்கிறது.

ஏப்ரல் 4, வெள்ளி

நேற்றிரவே காய்ச்சி வடித்த நீர், பிப்பெட், அதன் நுனியில் மாட்டும் டிப்களின் பெட்டி மூன்றையும் தராசு அறையிலேயே வைத்துவிட்டுப் போயிருந்தேன். காலையில் எல்லாம் ஒரே வெப்பநிலைக்கு வந்திருந்தன, நீர் 24 டிகிரி. இன்று வாய் குறுகிய சிறு குப்பி. தராசுக் கூண்டுக்குள் ஒரு மூலையில் நீர் நிறைந்த சின்னத் தட்டு, காற்று ஈரமாக இருக்கட்டும் என்று.

புது டிப் மாட்டி ஐந்து முறை நீரை உறிஞ்சி வெளியேற்றினேன். உலர்ந்த டிப்பில் எடுக்கும் முதல் அளவு எப்போதும் பொய் சொல்லும், உள்ளே இருக்கும் காற்று ஈரமாகும்வரை. பிறகு செங்குத்தாகப் பிடித்து, நுனியை மூன்று மில்லிமீட்டர் மட்டும் அமிழ்த்தி, பொத்தானை மெதுவாக விட்டு, ஒரு விநாடி நின்று, குப்பியின் சுவரில் தொட்டு வெளியேற்றி, எடையை எழுதினேன். 200 மைக்ரோலிட்டருக்குப் பத்து முறை. மில்லிகிராமில்:

195.1, 194.6, 195.3, 194.9, 194.2, 195.0, 194.7, 195.2, 194.4, 194.6.

ஆவியாகிப்போன கொஞ்சத்தையும் சேர்த்துத்தான் இவை. சராசரி 194.80. எடையைக் கன அளவாக்க 24 டிகிரிக்கு உரிய எண் 1.0038, நீரின் அடர்த்தி, காற்றின் மிதப்பு இரண்டும் அதற்குள் அடக்கம். பெருக்கினால் 195.54 மைக்ரோலிட்டர். நான்கரை மைக்ரோலிட்டர் காணவில்லை. பிப்பெட்டுகளுக்கான ஐ.எஸ்.ஓ. 8655 தரவிதி அனுமதிக்கும் பிழை 1.6 மட்டுமே.

இரவு

தூக்கம் வரவில்லை. இந்தப் பத்து எடைகளின் சிதறலையும் கணக்கிட்டேன். திட்ட விலகல் 0.36. அனுமதி 0.6. அதில் தேறிவிட்டது! அழகாக, ஒழுக்கமாக, ஒவ்வொரு முறையும் ஒரே அளவு குறைத்து எடுத்திருக்கிறது. ஒரே நோயாளியின் மாதிரியைச் சோதனைத் தட்டின் இரண்டு குழிகளில் போடுகிறோம், இரண்டும் ஒத்துப்போகின்றன, நம்புகிறோம். இரண்டிலும் ஒரே குறை இருந்தால் ஒத்துத்தானே போகும்.

நவம்பரில் பார்த்தபோது 199.4. அதற்கும் இன்றைக்கும் நடுவில் யாரும் பார்க்கவில்லை. நானும்தான்.

ஏப்ரல் 5, சனி

டாக்டரிடம் போனேன். கட்டைவிரலை உள்ளங்கைக்குள் மடக்கி, மணிக்கட்டைச் சுண்டுவிரல் பக்கம் சாய்க்கச் சொன்னார். கத்திவிட்டேன். தசைநாண் உறை வீக்கமாம். "என்ன வேலை செய்கிறீர்கள்?" என்றார். பொத்தான் அழுத்துகிற வேலை என்றேன். மூன்று வாரம் பட்டை கட்டிக்கொள்ள வேண்டும்.

அம்மா போனில், "மாவு பிசையாதே" என்கிறாள். மாவை யார் பிசைந்தார்கள்.

ஏப்ரல் 7, திங்கள்

பட்டையைக் கழற்றி வைத்துவிட்டுத்தான் செய்தேன். தெரிந்தால் திட்டுவார்கள்.

நான்கரை எங்கே போகிறது என்று தெரிந்தாக வேண்டும். இரண்டு சந்தேகங்கள். ஒன்று, அளவு திருத்தும் திருகு நகர்ந்திருக்கலாம். அப்படியானால் பிஸ்டன் தொடங்கும் இடமே மாறியிருக்கும், எந்த அளவில் வைத்தாலும் ஏறக்குறைய அதே நான்கரை குறைய வேண்டும். மற்றொன்று கசிவு. இந்தப் பிப்பெட்டில் பிஸ்டன் நீரைத் தொடுவதே இல்லை. நடுவில் ஒரு காற்றுத் தலையணை. டிப்பில் தொங்கும் நீரின் பாரத்தால் அந்தக் காற்றின் அழுத்தம் வெளிக்காற்றைவிடச் சற்றுக் குறைவாகவே இருக்கும். எங்காவது ஓர் இடுக்கு இருந்தால் வெளிக்காற்று அதன் வழியே நுழையும், அந்த அளவுக்கு நீர் வராது. நீர்த்தூண் உயர உயர இழுப்பும் கூடும். ஆகவே கசிவானால் பெரிய அளவில் பெரிய பிழை, சிறிய அளவில் சிறிய பிழை.

100 இல் வைத்தேன்: 1.9 குறைவு. 20 இல் வைத்தேன்: 0.5 குறைவு. திருகு இல்லை.

(இந்த 20 இல் மட்டும் சோதித்திருந்தால் தேறியிருக்கும். 1.6 என்ற வரம்பு இந்தப் பிப்பெட்டின் எல்லா அளவுகளுக்கும் ஒன்றே. மூன்று அளவுகளில் பார்க்கச் சொல்வது சடங்கு என்று நினைத்திருந்தேன்.)

உறுதிசெய்துகொள்ள, மீண்டும் 200 இல் வைத்து, உறிஞ்சியபின் நுனியை நீரிலேயே பத்து விநாடி நிறுத்திவிட்டு எடுத்தேன். 192.1. அடுத்தது 191.7. காத்திருந்தால் குறைகிறது. திருகுக்குக் காத்திருக்கத் தெரியாது, கசிவுக்குத் தெரியும். வேறு டிப், வேறு பெட்டி, இறுக்கி மாட்டியும் பார்த்தேன். மாற்றமில்லை. டிப் மாட்டும் இடம் இல்லை, உள்ளே.

ஏப்ரல் 8, செவ்வாய்

ஆய்வகத்து அண்ணன் திருகைத் திருப்பும் சாவியை எடுத்துக்கொண்டு வந்துவிட்டார். திருகைக் கொஞ்சம் திருப்பினால் 200 வந்துவிடும், தணிக்கைக்கு ஆட்கள் வருவதற்கு இன்னும் பத்து நாள்கூட இல்லை, எதற்கு இழுக்கிறாய் என்றார். வரும்தான். என் கைக்கு, என் ஒரு விநாடிக்கு, இன்றைக்கு 200 வரும். நிதானமாக எடுக்கிறவர் கையில் குறையும், அவசரக்காரர் கையில் கூடும். அடுத்த மாதம் கசிவு வளர்ந்தால் மறுபடியும் குறையும். 20 இல் நான்கு மைக்ரோலிட்டர் அதிகமாக எடுக்கத் தொடங்கும், அதை யாரும் பார்க்க மாட்டார்கள்.

"முதலில் திறந்து பார்க்கலாம் அண்ணா" என்றேன். கோபித்துக்கொண்டு போனார். மதியம் அவரே தேநீர் வாங்கிவந்து வைத்தார்.

போன வருடம் மூன்றாம் எண்ணைச் சோதிக்கும் முன்பே கழற்றிக் கிரீஸ் பூசிவிட்டார்கள். பிறகு எடுத்த எடைகள் அருமையாக இருந்தன. கழற்றுவதற்கு முன் அது எப்படி இருந்தது என்று இனி ஒருவருக்கும் தெரியாது. வந்த நிலையில் அளக்காமல் துடைப்பது தடயத்தைத் துடைப்பதுதான். அப்போது நானும் பேசாமல் இருந்தேன்.

ஏப்ரல் 9, புதன்

திறந்தோம்.

பிஸ்டனின் கீழ்ப்பகுதியில் பழுப்பு வளையம். காய்ந்த சீரம். காற்றுக் கசியாமல் தடுக்கும் ரப்பர் சீலைச் சுற்றிக் கிரீஸ் துளியும் இல்லை, சீல் ஒரு பக்கம் உப்பியிருந்தது. உப்பியதற்குக் காரணம் எனக்குத் தெரியும். ஜனவரியில் பக்கத்து அறையில் ஆர்.என்.ஏ. பிரிக்க இதை இரவல் வாங்கிப் போனார்கள், குளோரோஃபார்ம் எடுக்க. அதன் ஆவி காற்றுத் தலையணை வழியாகவே மேலே ஏறும். கிரீஸைக் கரைக்கும், ரப்பரை உப்பவைக்கும். நீரில் எத்தனை முறை கழுவிக் கொடுத்தாலும் அது வெளியே தெரியாது.

சீரத்துக்குக் காரணமும் தெரியும். பொத்தானை மெதுவாக விடாமல் சட்டென்று விட்டால் திரவம் துள்ளி உள்ளே ஏறிவிடும். காய்ந்து, ஒவ்வோர் அழுத்தத்துக்கும் உப்புக்காகிதம்போலச் சீலைத் தேய்க்கும். பிப்ரவரியிலிருந்து என் விரல் பொத்தானைப் பிடித்து நிறுத்த முடியாமல் விட்டுக்கொண்டிருக்கிறது.

இதை யாரிடமும் சொல்லவில்லை.

ஏப்ரல் 10, வியாழன்

மின்சாரம் இல்லை. தராசு சூடாக இரண்டு மணி நேரம் காத்திருந்து, அதற்குள் மறுபடியும் போய்விட்டது.

ஏப்ரல் 11, வெள்ளி

பிஸ்டனைக் கழுவித் துடைத்து, புதுச் சீல், மிக மெல்லிய ஒரு படலம் கிரீஸ். நிறையப் பூசினால் நல்லது என்பது மூடநம்பிக்கை. வழிந்து காற்றுப் பாதையை அடைக்கும். மாட்டியபின் ஐம்பது முறை அழுத்திவிட்டேன். இல்லை, புதிதாகச் சேர்ந்த பெண்ணை அழுத்தச் சொன்னேன்.

பத்து எடைகள், சராசரி 198.95. அதாவது 199.71 மைக்ரோலிட்டர். பத்து விநாடி நிறுத்தினாலும் அசையவில்லை. திருகை யாரும் தொடவே இல்லை.

அந்தப் பெண் செய்தபோது 199.1. நுனியை ஒரு விரற்கடை ஆழம் அமிழ்த்துகிறாள், பிப்பெட்டின் உடம்பை இறுகப் பிடிக்கிறாள். கைச்சூடு உள்ளே இருக்கும் காற்றை விரிக்கும் என்று சொன்னேன். "அக்கா, அப்படியானால் இதுவரை நான் எடுத்ததெல்லாம்?" என்றாள். அந்தக் கேள்வியை என்னிடம் கேட்காதே.

ஏப்ரல் 14, திங்கள்

புத்தாண்டு. வேப்பம்பூப் பச்சடி. 195.54.

ஏப்ரல் 15, செவ்வாய்

எப்போதிலிருந்து?

பெரும்பாலான வேலைகளில் பிழை தானே கரைந்துவிடும். அளவு தெரிந்த தரத்திரவத்தையும் நோயாளியின் மாதிரியையும் இதே பிப்பெட் இதே அளவு குறைத்து எடுத்தால், ஒன்றை மற்றொன்றோடு ஒப்பிடும்போது குறை போய்விடுகிறது. என்னை உறுத்துவது ஒரே ஒரு சோதனை. அதில் 10 மைக்ரோலிட்டர் சீரத்தை வேறொரு சின்னப் பிப்பெட் எடுக்கும், 200 மைக்ரோலிட்டர் கரைசலை ஐந்தாம் எண் ஊற்றும். மொத்தம் 210 இருக்க வேண்டியது 205.5 தான் இருந்திருக்கிறது. நீர்ப்பு குறைந்து முடிவு 2.2 சதவீதம் கூடியிருக்கும். தரத்திரவம் கம்பெனியிலிருந்து தயாராக நீர்த்தே வருகிறது, அதை ஐந்தாம் எண் தொடுவதில்லை. எனவே இங்கே எதுவும் கரையாது.

சோதனை சரியாக நடக்கிறதா என்று பார்க்கப் போடும் கட்டுப்பாட்டுத் திரவத்தின் முடிவுகளைக் குறித்துவைக்கும் வரைபடத்தை நவம்பரிலிருந்து புரட்டினேன். கோடு நேராகப் போகிறது. ஒரு நிமிடம் மகிழ்ந்தேன். பிறகுதான் உறைத்தது, கட்டுப்பாட்டுத் திரவமும் தயாராக நீர்த்து வருவதுதான். ஐந்தாம் எண் கெட்டதோ இல்லையோ, அந்தக் கோடு நேராகத்தான் போயிருக்கும்.

ஏப்ரல் 16, புதன்

விரல். பட்டையோடு எழுதுகிறேன், கையெழுத்து வேறு யாருடையதோ போல இருக்கிறது.

ஏப்ரல் 17, வியாழன்

அந்தச் சோதனையில் நேர்மறை என்று சொல்வதற்கான வரம்பு 20 அலகு. ஜனவரியிலிருந்து 20.0 முதல் 20.4 வரை வந்து, 'நேர்மறை' என்று எழுதி அனுப்பியவற்றைத் தேடினேன். மூன்று பேர். 20.4 ஐ 1.022 ஆல் வகுத்தால் 19.96.

மேடத்திடம் தாளைக் கொண்டுபோனேன். "இந்தச் சோதனையே பத்து சதவீதம்வரை ஆடும், இரண்டு சதவீதத்துக்கா அழுகிறாய்?" என்றார். சரிதான். ஆனால் அந்த ஆட்டம் இரண்டு பக்கமும் ஆடும். இது ஒரே பக்கம் தள்ளியிருக்கிறது, அத்தனை நாளும், அத்தனை பேருக்கும். அதைச் சொன்னேன். தாளை மறுபடியும் படித்தார். மூவரின் மருத்துவர்களுக்கும் தெரிவிக்கலாம், மாதிரி இருந்தால் திரும்பப் போடு என்றார்.

விரலைப் பற்றியும் சொல்லிவிட்டேன். ஒன்றும் சொல்லவில்லை. பட்டையைப் பார்த்தார்.

ஏப்ரல் 18, வெள்ளி

உறைபெட்டியில் மூவரில் ஒருவருடைய சீரம் மட்டுமே இருக்கிறது. மற்ற இரண்டும் மார்ச் கடைசியில் களைந்தாயிற்று.

உருகிக்கொண்டிருக்கிறது. கரைசலை அந்தப் பெண் ஊற்றுவாள், நுனி மூன்று மில்லிமீட்டர் என்று சொல்லியிருக்கிறேன்.