பூஜை விடுமுறையில் நின்றுபோன டேட்டா

அக்டோபர் 3, வெள்ளிக்கிழமை. ஆயுத பூஜை விடுமுறை முடிந்து அலுவலகம் வந்து பார்த்தால், டெலிவரி அறிக்கையில் 1ஆம் தேதிக்கு அப்புறம் ஒரு வரிகூட இல்லை. ஒரு கூரியர் நிறுவனத்தின் ஏபிஐயிலிருந்து தினமும் இரவு 2 மணிக்கு டேட்டா எடுக்கும் எங்கள் ஸ்கிரிப்ட், 410 பிழை வாங்கி நின்றிருந்தது. அந்த முகவரியையே நிரந்தரமாக எடுத்துவிட்டார்கள்.

சப்போர்ட்டுக்கு போன் போட்டேன். "ஆறு மாசம் முன்னாடியே மெயில் அனுப்பிட்டோமே சார்" என்றார் ஒருவர். அனுப்பியது உண்மைதான். ஆனால் அது போனது, கணக்கைத் திறந்து கொடுத்துவிட்டு, போன வருடமே வேலை மாறிவிட்ட நண்பரின் முகவரிக்கு. உங்கள் கணக்குகளில் தொழில்நுட்பத் தொடர்பு என்ற இடத்தில் யார் பெயர் இருக்கிறது என்று இன்றே பாருங்கள். தனி ஆளின் மெயில் வேண்டாம், குழு மெயில் கொடுங்கள்.

அதைவிட வலித்தது லாக்கைப் புரட்டியபோது. செப்டம்பரில் இரண்டு இரவுகள் இதே 410 வந்திருக்கிறது. பழைய பதிப்பை மூடுவதற்கு முன் ஒத்திகைபோலக் கொஞ்ச நேரம் நிறுத்திப் பார்ப்பார்கள், பிரவுன்அவுட் என்பார்கள். 2020 நவம்பரில் ஏபிஐக்குக் கடவுச்சொல் நுழைவை நிறுத்துமுன் கிட்ஹப்பும் அப்படிச் செய்தது. எங்கள் ஸ்கிரிப்ட் எந்தப் பிழை வந்தாலும் அரை மணிக்கு ஒருமுறை திரும்ப முயலும். 2:00, 2:30 இரண்டும் தோற்று, 3:00 மணிக்கு டேட்டா வந்ததும் "வெற்றி" என்று எழுதிவிட்டது. இப்போது 410க்கு மறுமுயற்சியே கிடையாது, உடனே எச்சரிக்கை வரும்.

பதில்களை ஹெடரோடு சேமித்து வைத்திருந்தோம், யாரும் திறந்ததில்லை. திறந்தால், பழைய பதிப்பை மூடும் நேரம் மாதக்கணக்காக இப்படி இருந்திருக்கிறது:

```
Sunset: Tue, 30 Sep 2025 23:59:59 GMT
```

ஜிஎம்டியைக் கவனியுங்கள். நம் நேரத்துக்கு அக்டோபர் 1 காலை 5:29. அதனால்தான் 1ஆம் தேதி அதிகாலை 2 மணிக்கு டேட்டா ஒழுங்காக வந்து, மறுநாள் விடுமுறையில் நின்றது.

புதிய பதிப்புக்கு மாறுவது அரை நாள் வேலை. அது கடைசி 7 நாள் டேட்டாவை மட்டுமே தரும் என்று படித்தபோது வயிறு கலங்கிவிட்டது. நல்லவேளை, விடுபட்டது இரண்டு நாள்தான், முழுவதும் மீட்டுவிட்டோம். இன்னும் ஒரு வாரம் கவனிக்காமல் இருந்திருந்தால் அந்த நாட்கள் போனது போனதுதான்.

அப்புறம் எல்லா ஸ்கிரிப்டிலும் இதைச் சேர்த்தேன்:

```python
for h in ("Deprecation", "Sunset"):
    if h in r.headers:
        alert(url, h, r.headers[h])
```

`alert` எங்கள் குழு மெயிலுக்கு அனுப்பும் ஃபங்ஷன். `Deprecation` என்பது கைவிடும் தேதி, அதன் மதிப்பு `@` போட்டு நொடிக் கணக்கில் வரும், தேதியாக மாற்றிக்கொள்ளுங்கள். எல்லா நிறுவனங்களும் இந்த ஹெடர்களை அனுப்புவதில்லை. அனுப்பாத மூன்று பேரின் மாற்றப் பட்டியலை மாதத்தின் முதல் வேலை நாளில் நானே உட்கார்ந்து படிக்கிறேன்.

போன வாரம் முதல் எச்சரிக்கை வந்தது. இன்னொரு ஏபிஐ, மூட இன்னும் 80 நாள் இருக்கிறது. அன்றைக்கே வேலையைத் தொடங்கிவிட்டோம்.