ஆறு குப்பிகள்

தர்மபுரியில் ஒரு தனியார் மருத்துவமனையின் எண்டோஸ்கோபி அறையில் 14 ஆண்டுகளாகச் செவிலியராக இருக்கிறேன். பெருங்குடலுக்குள் கருவி விட்டுப் பார்க்கும் கொலனோஸ்கோபி உள்ள நாட்களில், சதை கெடாமல் காக்கும் ஃபார்மலின் ஊற்றிய ஆறு சிறு குப்பிகளை எடுத்து வைத்து லேபிள் ஒட்டுவதுதான் என் முதல் வேலை. சிறுகுடலின் கடைசிப் பகுதி, ஏறு பெருங்குடல், குறுக்குப் பெருங்குடல், இறங்கு பெருங்குடல், சிக்மாய்டு, மலக்குடல். எந்தச் சதைத்துணுக்கு எந்த இடத்தில் எடுத்தது என்பது மாறிவிடக் கூடாது. இந்த விஷயத்தில் நான் இவ்வளவு கறாராக இருப்பதற்கு ஒரு பஸ் கண்டக்டர் காரணம்.

அவருக்கு அப்போது 34 வயது. சேலம் தடத்தில் ஓடும் பஸ். ஐந்து மாதமாக மலத்தோடு ரத்தமும் சளியும் போய்க்கொண்டிருந்தது. மூலம் என்று நினைத்து நாட்டு மருந்து சாப்பிட்டார். பிறகு அமீபா என்று மெட்ரோனிடசோல் இரண்டு முறை கொடுக்கப்பட்டது. எதுவும் நிற்கவில்லை. "சிஸ்டர், தொப்பூர் கணவாயில் வண்டி இறங்கும்போது வயிற்றைப் பிடித்துக்கொண்டு நிற்பேன். வந்துவிட்டால் ஒரு நிமிடம்கூட அடக்க முடியாது. போய் உட்கார்ந்தால் ஒரு கரண்டி சளியும் ரத்தமும்தான் வரும்" என்றார். டிக்கெட் பையைத் தொடுவதற்கு முன் சாப்பிடுவதையே விட்டிருந்தார்.

நான் அவரிடம் ஒன்றுதான் கேட்டேன்: இரவில் தூக்கத்திலிருந்து எழுப்புகிறதா? இரண்டு மூன்று முறை எழுப்புகிறது என்றார். மூலத்தில் பெரும்பாலும் மலம் கழித்து முடிக்கும்போது ரத்தம் சொட்டும். நடு இரவில் ஆளை எழுப்பி ஓடவைக்காது. ரத்தம் போகிறது என்று யார் வந்தாலும் இந்தக் கேள்வியைக் கேட்க வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம்.

அவர் கையில் வேறொரு மருத்துவமனையின் பயாப்சி அறிக்கை இருந்தது. 'குறிப்பிட்டுச் சொல்ல முடியாத அழற்சி' என்று முடிந்திருந்தது. பல இடங்களில் எடுத்த துணுக்குகளை ஒரே குப்பியில் போட்டு அனுப்பியிருந்தார்கள். எங்கே புண், எங்கே நல்ல சதை என்ற வரைபடமே அதில் அழிந்துபோயிருந்தது.

முதலில் மலப் பரிசோதனையில் கிருமித் தொற்று இல்லை என்று உறுதி செய்தோம். ஹீமோகுளோபின் 8.9. மலத்தில் கால்புரொடெக்டின் என்ற புரதத்தின் அளவு ஆயிரத்துக்கு மேல். 50-க்குள் இருந்தால் குடலில் அழற்சி இருக்க வாய்ப்புக் குறைவு. பிறகு கொலனோஸ்கோபி. ஆசனவாயைத் தாண்டியதுமே மலக்குடல் சிவந்து, மணல் தூவியதுபோல் சொரசொரப்பாக இருந்தது. கருவியின் நுனி பட்ட இடமெல்லாம் ரத்தம் கசிந்தது. இடையில் ஒரு விரல் அகலம்கூட நல்ல சதை இல்லாமல் அப்படியே மேலேறி, மண்ணீரலை ஒட்டிய வளைவுக்கு அருகில் கோடு கிழித்ததுபோல் நின்றது. கோட்டுக்கு அப்பால் இளஞ்சிவப்புச் சதை. அதில் இலை நரம்புகள்போல் ரத்தக் குழாய்கள். சிறுகுடல் சுத்தம். நன்றாக இருந்த இடங்களிலும் டாக்டர் துணுக்கு எடுத்தார். ஆறு குப்பிகளும் நிறைந்தன. இதுதான் அல்சரேட்டிவ் கொலைட்டிஸ்: மலக்குடலில் தொடங்கும், இடைவெளி விடாமல் மேலேறும், பெருங்குடலைத் தாண்டாது, உள்தோலோடு நின்றுவிடும்.

அதே வருடம் தேன்கனிக்கோட்டைப் பக்கத்திலிருந்து 19 வயதுப் பெண் ஒருத்தி வந்தாள். ரத்தம் போகவில்லை. சாப்பிட்ட கொஞ்ச நேரத்தில் வலது அடிவயிற்றில் பிசைவதுபோல் வலி, 9 கிலோ எடைக் குறைவு, மாலையில் காய்ச்சல். ஆசனவாய் ஓரத்தில் பவுத்திரம் வந்து இரண்டு முறை அறுவை செய்தும் ஆறவில்லை. அவள் மலக்குடல் கண்ணாடிபோல் இருந்தது. மேலே போகப் போக ஒரு நீளமான புண், பிறகு நல்ல சதை, மறுபடி புண். சிறுகுடலுக்குள் நுழையும் வாய் இறுகியிருந்ததால் கருவி உள்ளே போகவில்லை; மீதியை ஸ்கேனில்தான் பார்த்தோம். க்ரோன்ஸ் நோய் இப்படித்தான். வாயிலிருந்து ஆசனவாய் வரை எங்கும் வரும், விட்டுவிட்டு வரும், குடல் சுவரின் முழுத் தடிப்பையும் அரிக்கும். சுவரைத் துளைப்பதால்தான் பவுத்திரம், தழும்பாவதால்தான் அடைப்பு.

ஆனால் நம் ஊரில் இதை உடனே சொல்லிவிட முடியாது. குடல் காசநோயும் அதே இடத்தில், அதே வலியோடும் காய்ச்சலோடும் வரும். அவளுடைய துணுக்குகளில் காசநோய்க் கிருமி கிடைக்கவில்லை; கிடைக்காததாலேயே இல்லை என்றும் ஆகாது. டாக்டர் காசநோய் மாத்திரைகளைத் தொடங்கி, இரண்டரை மாதத்தில் மறுபடி கொலனோஸ்கோபி செய்தார். வலி குறைந்திருக்கிறது என்று அவள் அப்பா சந்தோஷமாகச் சொன்னார். திரையில் புண்கள் அப்படியே இருந்தன. காசநோயாக இருந்திருந்தால் அதற்குள் ஆறியிருக்கும். வலியை நம்பி ஆறு மாதம் ஓட்டியிருந்தால் அடைப்பு இன்னும் இறுகியிருக்கும்.

மருந்தும் இடத்தைப் பொறுத்துத்தான் பிரிகிறது. மெசலமின் குடலின் உள்தோலில் பட்டு வேலை செய்யும் மருந்து. உள்தோலோடு நிற்கும் நோய் என்பதால் கண்டக்டருக்கு அது போதுமானதாக இருந்தது: தினமும் மாத்திரை, இரவில் படுக்கும்முன் எனிமா. எனிமா என்றதும் முகம் சுளித்தார். இடது பக்கமாகப் படுத்து, முழங்காலை மடக்கி, மருந்தை ஏற்றி, அப்படியே தூங்கிவிட வேண்டும் என்று கட்டிலில் படுக்க வைத்துக் காட்டினேன். நோய் தொடங்கும் இடத்துக்கே மருந்து நேராகப் போவதால் மாத்திரை மட்டும் எடுப்பதைவிடச் சீக்கிரம் ரத்தம் நிற்கும். மூன்றாவது வாரம் நின்றது.

அந்தப் பெண்ணுக்கு மெசலமினால் பெரிய பயன் இல்லை. சுவருக்குள் இருக்கும் நோயை அது தொடாது. அவளுக்கு நோய் எதிர்ப்புச் சக்தியை அடக்கும் அசத்தயோபிரின் தொடங்கினோம். முதல் மாதம் வாரம் ஒரு முறை ரத்தத்தில் வெள்ளை அணுக்களை எண்ணினோம். நம்மவர்களில் சிலருக்குப் பரம்பரையாக இந்த மருந்து ஒத்துக்கொள்ளாது. அணுக்கள் திடீரென்று சரியும், முடி கொத்தாகக் கொட்டும். சீப்பில் முடி அதிகம் வந்தால் அன்றே போன் செய் என்று அவளிடம் சொல்லியிருந்தேன். பிறகு பவுத்திரத்துக்காக, அதேபோல் எதிர்ப்புச் சக்தியை அடக்கும் இன்ஃப்ளிக்சிமாப் ஊசி: தொடக்கத்தில், இரண்டாம் வாரம், ஆறாம் வாரம், அதன்பின் எட்டு வாரத்துக்கு ஒருமுறை. உறங்கிக் கிடக்கும் காசநோயை இது எழுப்பிவிடும் என்பதால் அதற்கான பரிசோதனையை மறுபடி செய்த பிறகே போட்டார்கள்.

களி சாப்பிடலாமா என்று இருவருமே கேட்டார்கள். ரத்தம் நின்ற கண்டக்டரிடம் தாராளமாகச் சாப்பிடச் சொன்னோம். குடல் இறுகியிருந்த அவளிடம், அடைப்பு தளரும்வரை நார் அதிகமுள்ள எதுவும் வேண்டாம், மாம்பழம்கூட வேண்டாம் என்றோம். கிருஷ்ணகிரி மாவட்டத்துப் பிள்ளைக்கு அது எவ்வளவு கஷ்டம் என்று எனக்குத் தெரியும்.

கண்டக்டர் நான்கு மாதத்தில் மருந்தை நிறுத்திவிட்டார். ரத்தம் நின்றால் நோய் போய்விட்டது என்று நினைத்தார். அவருக்கு அழுத்திச் சொல்லாதது எங்கள் தவறுதான். ஐந்து மாதம் கழித்து முன்னைவிட மோசமாக வந்தார். இந்த முறை பிரட்னிசொலோன் என்ற ஸ்டீராய்டு தினமும் 40 மில்லிகிராம் தேவைப்பட்டது. அதை வாரம் 5 மில்லிகிராம் வீதம் குறைத்து நிறுத்தினோம். எலும்பையும் சர்க்கரையையும் கெடுக்கும் மருந்தை ஆண்டுக்கணக்கில் கொடுக்க முடியாது. ஆண்டுக்கணக்கில் எடுக்க வேண்டியது மெசலமின்தான். அதன்பிறகு அவர் ஒரு நாளும் விடவில்லை. சிறுநீரகத்துக்காக ஆண்டுக்கு ஒருமுறை கிரியேட்டினின் பார்க்கிறோம்.

நோய் தொடங்கி எட்டு ஆண்டுகள் ஆனால், பெருங்குடலில் புற்றுநோயின் முதல் அறிகுறி உண்டா என்று தேடிப் பார்க்க வேண்டும். உடம்பு நன்றாக இருந்தாலும். போன மாதம் அதற்காகவே வந்தார். காலை ஷிப்ட்டை மாற்றிக்கொண்டு, வெறும் வயிற்றோடு. மலக்குடலில் இலை நரம்புகள் திரும்பியிருந்தன. பழைய கோடு எங்கே இருந்தது என்று டாக்டர் தேடினார், கிடைக்கவில்லை. "இங்கேதானே இருந்தது?" என்று என்னைக் கேட்டார். ஆமாம் என்று சொல்லி, 'இறங்கு பெருங்குடல்' என்று எழுதிய குப்பியின் மூடியைத் திறந்து நீட்டினேன்.