ஆறா ஐந்தா

"சார், வண்டிக்கு ஆறு கியூபிக் போட்டுக்கட்டுமா, இல்ல அஞ்சுதானா?" என்று காங்கிரீட் பிளான்ட்டில் டிஸ்பாட்ச் பார்க்கும் அண்ணன் கேட்டார். "அஞ்சுதான் அண்ணே" என்றேன். அந்தப் பதில் சரியா என்று இன்றுவரை யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

வேலை ஒரு தண்ணீர்த் தொட்டியின் அடித்தளம். 18 மீட்டர் நீளம், 10 மீட்டர் அகலம், 30 சென்டிமீட்டர் கனம், ஆக 54 கன மீட்டர். பம்ப் லைன் 125 மில்லிமீட்டர் குழாய், நீளம் 60 மீட்டர். அந்தக் குழாய்க்குள்ளேயே முக்கால் கன மீட்டர் நின்றுவிடும், ஹாப்பர் அடியில் இன்னும் கொஞ்சம். அதற்காக ஒன்று கூட்டி 55 ஆர்டர். வண்டிக்கு ஆறு என்றால் பத்து வண்டி, ஐந்து என்றால் பதினொன்று. ஒரு வண்டிதான் வித்தியாசம்.

ஆனால் பிளான்ட்டுக்கும் சைட்டுக்கும் நடுவே வாய்க்கால் மேல் ஒரு பழைய சிறுபாலம். அதற்கு 25 டன் வரைதான் அனுமதி, எழுத்தில் இருந்தது.

டிஸ்பாட்ச் அண்ணனின் கணக்கில் தப்பு எதுவும் இல்லை. ஆர்சி புத்தகத்தில் வண்டியின் வெற்று எடை 11 டன். 25-இல் அதைக் கழித்தால் 14. காங்கிரீட்டைக் கன மீட்டருக்கு 2.4 டன் என்று வைத்தால் 5.83 வரும். "ஆறுன்னே வெச்சுக்கலாம் சார், நானூறு கிலோவுல பாலம் விழுந்துடாது" என்றார். அந்த நானூறு கிலோவுக்கு மேல் இன்னும் எவ்வளவு எங்கே ஒளிந்திருக்கிறது என்பதில்தான் எங்களுக்குள் பேச்சு வளர்ந்தது.

முதல் நாளே ஒரு காலி வண்டியை எடை மேடையில் ஏற்றச் சொல்லியிருந்தேன். 12.1 டன் வந்தது. டீசல், டிரைவர், கழுவுவதற்கான தண்ணீர் டேங்க், இதெல்லாம் கொஞ்சம்தான். பெரிய பங்கு டிரம்முக்குள் பிளேடுகளில் ஒட்டி இறுகிப்போன பழைய காங்கிரீட். வாரக்கணக்கில் சரியாகக் கழுவாத டிரம்மில் அது நூற்றுக்கணக்கான கிலோவாகச் சேர்ந்துவிடும். ஆர்சி புத்தகத்துக்கு அது தெரியாது.

அடுத்து காங்கிரீட்டின் எடை. 2.5 என்பது கம்பியோடு சேர்த்து டிசைனுக்குப் போடும் எண். வண்டியில் கம்பி வராது, அதனால் 2.5 போட வேண்டியதில்லை. 2.4 என்பதும் பொதுவான எண்தான். அன்றைய எம்-30 கலவையின் பேட்ச் ஷீட்டில் சிமென்ட் 380, தண்ணீர் 170, மணல் 750, ஜல்லி 1,130. கூட்டினால் ஒரு கன மீட்டருக்கு 2,430 கிலோ. பேட்ச் ஷீட் கையில் இருக்கும்போது இதைவிட நம்பகமான எண் தேட வேண்டியதில்லை.

அப்படிப் பார்த்தால் 25-இல் 12.1 போக மிச்சம் 12.9. அதை 2.43-ஆல் வகுத்தால் 5.3 கன மீட்டர். ஆறு போட்டால் மொத்தம் 26.7 டன், ஐந்து போட்டால் 24.25. நான் ஐந்து என்றேன். இந்த எண்களை மறுபடி மறுபடி போட்டுப் பார்த்துவிட்டேன், மாறவில்லை.

மாறியது நேரக் கணக்கு. கையில் நான்கு வண்டி. லோடு ஏற்ற, போக, இறக்க, கழுவ, திரும்ப என்று ஒரு சுற்றுக்கு 130 நிமிடம். அப்படியென்றால் 32 நிமிடத்துக்கு ஒரு வண்டி. ஆறு போட்டால் மணிக்கு 11 கன மீட்டர், ஐந்து போட்டால் 9 சொச்சம். பம்ப் மணிக்கு 30 தள்ளக்கூடியது. ஐந்து கன மீட்டரைப் பத்து நிமிடத்தில் விழுங்கிவிட்டு அடுத்த வண்டிக்காகக் காத்திருக்கும். மே மாத வெயிலில் இரும்புக் குழாய்க்குள் காங்கிரீட் சும்மா நிற்பது நல்லதல்ல. பம்ப் ஆபரேட்டர் நடுநடுவே முன்னும் பின்னும் ஓரிரு ஸ்ட்ரோக் கொடுத்து அதை உயிரோடு வைத்திருந்தார்.

பத்து வண்டி இறங்கின. பதினொன்றாவது லோடு எடுக்கப் போக வேண்டிய வண்டி காலியாகத் திரும்பும் வழியில் பஞ்சர். அதற்குப் பின்னால் இருந்த வண்டி லோடு எடுத்து வந்து சேர ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆனது. அதற்குள் லைன் அடைத்துவிட்டது. அந்தப் பதினொன்றாவது வண்டி, நான் ஐந்து என்று சொன்னதால் மட்டும் தேவைப்பட்ட வண்டி. ஆறு போட்டிருந்தால் பத்தோடு வேலை முடிந்திருக்கும்.

மீதி ஐந்து கன மீட்டர். லைனைக் கழற்றிச் சுத்தம் செய்ய நேரமில்லை. சைட்டில் ஹைட்ரா கிரேன் இருந்தது, அரை கன மீட்டர் பக்கெட்டும் இருந்தது. மறுபடி அதே பெருக்கல். அரை கன மீட்டர் 1.22 டன், பக்கெட் 250 கிலோ, கொக்கி, ஸ்லிங் 80 கிலோ, ஆக 1.55 டன். எட்டு மீட்டர் தூரத்தில் கிரேனின் சார்ட் காட்டியது 1.8 டன். 86 சதவீதம். "கொஞ்சம் கிட்ட போனா இன்னும் தெம்பா தூக்கும் சார்" என்றார் ஆபரேட்டர். கிட்டே போனால் பள்ளத்தின் விளிம்பில் சக்கரம் நிற்கும், மண் சரியும். வேண்டாம் என்றேன்.

பக்கெட்டை 0.4 வரை மட்டும் நிரப்பியிருந்தால் 72 சதவீதம்தான், மனசுக்கு நிம்மதி. ஆனால் பதின்மூன்று தூக்கு. தூக்குக்கு ஆறு நிமிடம் என்றால் 78 நிமிடம். வண்டி வரும்போதே லோடு ஏற்றி 50 நிமிடம் ஆகியிருந்தது. லோடு ஏற்றியதிலிருந்து இறக்கி முடிக்க இருக்கும் இரண்டு மணி நேரக் கெடு தாண்டிவிடும். முழு பக்கெட் என்றால் பத்து தூக்கு, கெடுவுக்குள் முடியும். முழுசாகவே நிரப்பச் சொன்னேன்.

காலையில் பாலத்துக்கு அவ்வளவு கறாராக இருந்தவன் மாலையில் கிரேனுக்கு ஏன் தளர்ந்தேன்? எனக்கு நானே சொல்லிக்கொள்ளும் பதில் உண்டு. கிரேன் சார்ட் அந்த இயந்திரத்துக்கென்று போட்டது, கவிழும் எடையிலிருந்து ஒரு பங்கைக் கழித்த பிறகுதான் அந்த 1.8 வருகிறது. தரை சமமாக இருந்தது, தூரத்தை டேப் போட்டு அளந்தோம். பாலத்தின் உள்ளே கம்பி எவ்வளவு துருப்பிடித்திருக்கிறது என்று யாரும் அளக்கவில்லை. இது நியாயமான பதில்தான். ஆனால் கெடு நெருங்காமல் இருந்திருந்தால் 0.4 என்றுதான் சொல்லியிருப்பேன் என்பதும் எனக்குத் தெரியும்.

பழைய காங்கிரீட்டும் புதியதும் சேர்ந்த இடத்தில் ஒரு கோடு விழுந்தது. பிறகு அந்தக் கோட்டை ஒட்டி கிரவுட்டிங் செய்தோம். தண்ணீர் நிரப்பிப் பார்த்தபோது மட்டம் குறைந்தது அனுமதித்த அளவுக்குள்தான். ஆகவே கேட்பவர்களிடம் "ஒன்றும் ஆகவில்லை" என்று சொல்லலாம். ஆறு போட்டு அனுப்பியிருந்தாலும் பாலத்துக்கு ஒன்றும் ஆகியிருக்காது என்று டிஸ்பாட்ச் அண்ணன் சொல்கிறார். மணல் லாரிகள் அதைவிட அதிக பாரத்தோடு தினமும் அதன் மேல்தான் போகின்றன. அவர் சொல்வதை என்னால் மறுக்க முடியவில்லை, ஒப்புக்கொள்ளவும் முடியவில்லை.

எனக்கு உறுத்துவது வேறு ஒரு கணக்கு. ஐந்து வண்டி, வண்டிக்கு ஐந்து கன மீட்டர் என்றால் 26 நிமிடத்துக்கு ஒரு வண்டி, மணிக்கு 11.5. நான்கு வண்டியில் ஆறு ஆறாகப் போடுவதைவிட இது சற்று அதிகமே. பாலமும் தப்பும், பம்ப்பும் அவ்வளவு நேரம் காத்திருக்காது. டிஸ்பாட்ச் அண்ணனிடம் ஐந்தாவது வண்டி கேட்டேன். வேறு சைட்டுக்குப் போய்விட்டது, நாளைக்கு வேண்டுமானால் தருகிறேன் என்றார். பம்ப்புக்கு வாடகை ஓடிக்கொண்டிருந்தது, ஆட்கள் காலை ஐந்து மணிக்கே வந்து நின்றார்கள், மறுநாள் மழை என்று பேச்சு. சரி, நான்கோடு ஆரம்பிக்கலாம் என்றேன். மறுநாள் மழை பெய்யவில்லை.